பக்கத்து பெஞ்சின் தரவு

மூன்றாம் ஆண்டு கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் நான்கு பேர் கொண்ட ஒரு குழுவை எடுத்துக்கொள்வோம். மாணவர்களின் மனச்சோர்வை முன்கூட்டியே கண்டறியும் மாடல் ஒன்றைச் செய்வதுதான் அவர்களுடைய புராஜெக்ட். பொறியியல் கல்லூரிகளில் அடிக்கடி தென்படும் தலைப்புதான். திட்டமும் எளிமையானது. வகுப்பில் 60 பேர் இருக்கிறார்கள். கூகுள் ஃபார்மில் 40 கேள்விகள். பெயர், ரெஜிஸ்டர் நம்பர், சொந்த மாவட்டம், ஹாஸ்டலா டே ஸ்காலரா, எத்தனை மணி நேரம் தூக்கம், எத்தனை மணி நேரம் போன், சி.ஜி.பி.ஏ., அரியர் உண்டா, வீட்டு வருமானம், காதலில் இருக்கிறாரா என்று போய், கடைசியில் பி.எச்.கியூ-9 என்ற மனச்சோர்வுக் கேள்வித்தாள் வருகிறது. வகுப்பின் வாட்ஸ்அப் குரூப்பில் லிங்க்கைப் போட்டால் இரண்டு நாளில் பதில்கள் வந்துவிடும். அவற்றைக் கொண்டு மாடலைப் பழக்கி, முடிவைச் செமினாரில் காட்டலாம்.

இந்தத் திட்டத்தில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. உடன் படிப்பவர்களுக்கு உதவ வேண்டும் என்ற ஆசையில்தான் பெரும்பாலும் இந்தத் தலைப்பையே எடுக்கிறார்கள். ஆனாலும் ஃபார்மை அனுப்புவதற்கு முன் ஒரு நெறிமுறைப் பரிசீலனை வேண்டும். அந்தப் பரிசீலனையில் கேட்க வேண்டிய கேள்விகள், நாம் வழக்கமாகப் பார்க்கும் பட்டியல்களில் இருப்பவற்றிலிருந்து கொஞ்சம் வேறுபட்டவை.

காரணம் இதுதான். மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுகளுக்கான விதிமுறைகள் பெரும்பாலும் மருத்துவத் துறையில் உருவானவை. ஆய்வாளர் ஒரு நோயாளியைச் சந்திக்கிறார், ஒப்புதல் வாங்குகிறார், தரவை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். அதன்பின் இருவரும் சந்திப்பது அரிது. இங்கே தரவைக் கொடுப்பவர் பக்கத்து பெஞ்சில் இருக்கிறார். நாளை காலையும் அங்கேதான் இருப்பார். ஒரே மெஸ், ஒரே பஸ், ஒரே பிளேஸ்மென்ட் வரிசை. பெயரை நீக்கினாலும் கையெழுத்தும் பேச்சும் ஊரும் தெரிந்தவர்கள். இந்த நெருக்கத்தைக் கணக்கில் எடுக்காத பரிசீலனையில் எல்லாக் கட்டங்களிலும் டிக் விழுந்தாலும், ஒருவருக்கும் பாதுகாப்பு கிடைத்திருக்காது.

பரிசீலிப்பது யார் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி ஒரு நெறிமுறைக் குழுவில் 7 முதல் 15 பேர் இருக்க வேண்டும். தலைவர் அந்த நிறுவனத்துக்கு வெளியே இருந்து வர வேண்டும். துறை சாராத சாதாரணர் ஒருவரும் இருக்க வேண்டும். மருத்துவக் கல்லூரிகளில் இப்படிப்பட்ட குழுக்கள் உண்டு. பல பொறியியல் கல்லூரிகளில் இல்லை. கைடின் கையெழுத்தோடு வேலை முடிந்துவிடுகிறது. கைடுக்கு புராஜெக்ட் முடிய வேண்டும் என்ற அக்கறை இருக்கும், அதனால் அவர் மட்டும் போதாது. வேறு துறை ஆசிரியர் ஒருவர், கல்லூரி கவுன்சலர், அந்த வகுப்பைச் சேராத சீனியர் மாணவர் ஒருவர், கல்லூரிக்கு வெளியிலிருந்து ஒருவர் என நான்கு பேர் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலே பெரிய வித்தியாசம் தெரியும். மனநலத் தரவு என்பதால், அருகிலிருக்கும் மருத்துவக் கல்லூரியின் குழுவிடம் விண்ணப்பத்தை அனுப்புவது இன்னும் சரியான வழி.

குழு கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்தத் தரவு உண்மையிலேயே தேவையா என்பது. பலர் இதைச் சம்பிரதாயக் கேள்வி என்று நினைத்துத் தாண்டிவிடுகிறார்கள். கணக்குப் போட்டால்தான் அதன் கூர்மை தெரியும். 60 பேரில் 45 பேர் பதில் அளிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பி.எச்.கியூ-9 கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிக் கேட்கும் ஒன்பது கேள்விகள் கொண்டது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் மருத்துவர் பார்க்க வேண்டிய நிலை என்று வழக்கமாகக் கொள்கிறார்கள். அது நோயை உறுதிசெய்யும் சோதனை அல்ல, சல்லடை மட்டுமே. 45 பேரில் ஏழு பேர் பத்தைத் தாண்டுகிறார்கள் என்று கொள்வோம். மாடலைச் சோதிக்க ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கினால் ஒன்பது பேர். அதில் மனச்சோர்வுள்ளவர் ஒருவரோ இருவரோ இருப்பார்கள். அந்த ஒருவரை மாடல் சரியாகச் சொன்னதா தவறாகச் சொன்னதா என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. இன்னொன்றும் உண்டு. எதையுமே கற்காமல், எல்லோரையும் ‘நலம்’ என்று சொல்லும் மாடலும் 45-இல் 38 பேரைச் சரியாகச் சொல்லிவிடும். அது 84 சதவீதத் துல்லியம். செமினாரில் காட்டினால் கைதட்டல்கூட விழும்.

ஆக, 45 பேர் தங்கள் அந்தரங்கத்தைத் திறந்து காட்டியதற்கு ஈடாக எந்த அறிவும் கிடைக்கவில்லை. கிடைக்காது என்று முன்பே தெரிந்தும் கேட்பதுதான் இங்கே முதல் நெறிமுறைப் பிழை. ஒப்புதல் படிவத்தை எவ்வளவு அழகாக எழுதினாலும் அது சரியாகாது.

இதற்கு மாற்று இருக்கிறது. அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் 2013-இல் ஸ்டூடண்ட்லைஃப் என்ற ஆய்வு நடந்தது. ஸ்மார்ட்போன் நிரலாக்க வகுப்பு ஒன்றின் 48 மாணவர்களின் தூக்கம், நடமாட்டம், பேச்சு, மன அழுத்தம், மதிப்பெண் ஆகியவற்றைப் பத்து வாரங்கள் போன் வழியாகத் தொகுத்தார்கள். அதிலும் பி.எச்.கியூ-9 உண்டு. பெயர் நீக்கிய அந்தத் தரவு ஆய்வாளர்களுக்குத் திறந்து கிடைக்கிறது. மாடல் செய்யக் கற்றுக்கொள்வதுதான் புராஜெக்டின் நோக்கம் என்றால் அதுவே போதும். உடன் படிப்பவரைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை.

நம் குழு இதற்கு ஒரு நியாயமான பதில் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். நியூ ஹாம்ப்ஷயரில் படிக்கும் மாணவரின் தூக்கம் வேறு, நம் ஹாஸ்டலில் எட்டுப் பேர் அறையில் ஸ்டடி ஹவர் முடிந்து தூங்குபவரின் தூக்கம் வேறு. நம்மைப் பற்றி நமக்கு எதுவும் தெரிய வேண்டாமா? தெரியத்தான் வேண்டும். அப்படியானால் கேள்வியைச் சுருக்கி, ஆட்களைப் பெருக்க வேண்டும். வருமானமும் காதலும் எதற்கு என்று கேட்டால் ‘மாடலுக்கு ஃபீச்சர் நிறைய இருந்தால் நல்லது’ என்பதைத் தவிர குழுவிடம் பதில் இல்லை. இவ்வளவு குறைந்த ஆட்களை வைத்து ஃபீச்சரைக் கூட்டினால் மாடல் தற்செயல்களை மனப்பாடம் செய்யுமே தவிர மேம்படாது. எனவே அந்தக் கேள்விகள் போகின்றன, 40 கேள்விகள் 15 ஆகின்றன. சொந்த வகுப்போடு மற்ற மூன்று பிரிவுகளையும் சேர்த்து 240 பேரிடம் கேட்பதாகத் திட்டம் மாறுகிறது. எண்ணிக்கைக் குறை கொஞ்சம் தீர்கிறது. பதில் சொல்பவர் கேட்பவருக்கு நெருங்கிய நண்பராக இருக்கும் வாய்ப்பும் குறைகிறது.

அடுத்தது ஒப்புதல். பரிசீலனை அறைகளில் பெரும்பாலும் இப்படித்தான் பேச்சு போகும்.

“மேடம், விருப்பம் இருக்கிறவங்க மட்டும் ஃபில் பண்ணலாம்னுதான் போட்டிருக்கோம். நாங்க யாரையும் கட்டாயப்படுத்தலை.”

“யார் ஃபில் பண்ணலைங்கறது உங்களுக்குத் தெரியுமாப்பா?”

“தெரியும் மேடம். சி.ஆர். லிஸ்ட் வச்சிருக்கான். பாக்கி இருக்கிறவங்களுக்கு அவனே ரிமைண்டர் போட்டுருவான்.”

அந்த லிஸ்ட் இருக்கும்வரை விருப்பம் என்பது இல்லை. குரூப்பில் லிங்க் விழுகிறது, கீழே ‘டன்’, ‘டன்’ என்று வரிசையாகப் பதில்கள் வருகின்றன. ஐம்பதாவது ‘டன்’னுக்குப் பிறகும் பேசாமல் இருப்பவர் எல்லோர் கண்ணிலும் படுகிறார். அவருக்கு ஏதோ இருக்கிறது என்ற பேச்சு அங்கேயே தொடங்கிவிடும். மறுப்பது என்ற செயலே ஒரு தகவலாக மாறிவிடுவதுதான் வகுப்பறையின் சிக்கல்.

ஸ்வீடனின் ஷெலஃப்டியோ நகரில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். அங்கே ஒரு மேல்நிலைப் பள்ளி 22 மாணவர்களின் முகத்தைக் கேமராவால் அடையாளம் கண்டு வருகைப் பதிவு எடுத்துப் பார்த்தது. சில வாரச் சோதனைதான். ஒப்புதல் வாங்கித்தான் செய்தோம் என்றது பள்ளி நிர்வாகம். ஸ்வீடனின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2019 ஆகஸ்டில் அதை ஏற்க மறுத்து 2 லட்சம் குரோனர் அபராதம் விதித்தது. மாணவர் பள்ளியைச் சார்ந்து இருக்கிறார், இருவருக்கும் இடையே அதிகாரம் சமமாக இல்லை, ஆகவே அந்த ஒப்புதல் செல்லாது என்பது ஆணையம் சொன்ன காரணங்களில் ஒன்று. நம் நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் கழக நெறிமுறைகளும் இதே காரணத்தால்தான் மாணவர்களை எளிதில் பாதிப்புக்கு ஆளாகக்கூடியோர் பட்டியலில் வைக்கின்றன. ஆசிரியர் முன்னால் மாணவர் ‘முடியாது’ என்று சொல்வது கடினம். நண்பர் முன்னால் சொல்வதும் கிட்டத்தட்ட அதே அளவு கடினம் என்பது என் எண்ணம்.

ஆகவே ஒப்புதல் பற்றி மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். கேட்பவர் யார், எங்கே கேட்கிறார், மறுத்தவர் வெளியே தெரிவாரா. இன்டர்னல் மார்க் போடும் ஆசிரியர் கேட்கக் கூடாது. லேப் நேரத்தில் எல்லோரையும் உட்கார வைத்து நிரப்பச் சொல்லக் கூடாது. நம் குழுவுக்குப் பரிசீலனை சொல்லும் வழி இது. நோட்டீஸ் போர்டில் க்யூ.ஆர். கோடு ஒட்டப்படும், குரூப்பில் போடப்பட மாட்டாது. பத்து நாள் திறந்திருக்கும், ரிமைண்டர் கிடையாது. யார் நிரப்பினார்கள் என்ற கணக்கு யாரிடமும் இருக்காது. ஃபார்மின் முதல் பக்கத்தில் இரண்டு வழிகள் இருக்கும். ‘பங்கேற்க விரும்பவில்லை’ என்பதைத் தொட்டாலும் அதே நன்றிப் பக்கம்தான் வரும். பக்கத்தில் நிற்பவருக்கு எது அழுத்தப்பட்டது என்று தெரியாது.

வயதையும் விட்டுவிடக் கூடாது. முதலாண்டு மாணவர்கள் பலருக்கு 17 வயதுதான். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 நிறையாதவர்களைக் குழந்தைகள் என்றே கொள்கிறது, பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது. மனச்சோர்வு பற்றிய ஃபார்முக்கு அப்பாவிடம் ஒப்புதல் கேட்கச் சொன்னால் அதுவே பல வீடுகளில் பிரச்சினையாகும். இந்த புராஜெக்டில் முதலாண்டைச் சேர்க்காமல் விடுவதே மேல்.

இனி, எனக்கு மிகவும் கவலை தரும் இடம். பி.எச்.கியூ-9-இன் ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் நல்லது என்ற எண்ணமோ தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணமோ கடந்த இரண்டு வாரங்களில் எத்தனை நாள் வந்தது என்று கேட்கிறது. மாணவர்கள் இந்தக் கேள்வித்தாளை இணையத்தில் இருந்து எடுத்து அப்படியே ஒட்டுகிறார்கள். இலவசமாகக் கிடைப்பது, உலகம் முழுவதும் பயன்படுவது, ஆகவே பாதுகாப்பானது என்று நினைக்கிறார்கள்.

அது உருவானது மருத்துவரின் அறைக்காக. நோயாளி ‘பெரும்பாலும் தினமும்’ என்று குறித்தால் மருத்துவர் அங்கேயே பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பேசத் தொடங்குவார். இங்கே நடப்பதை யோசித்துப் பாருங்கள். இரவு பதினொன்றரை மணிக்கு ஹாஸ்டல் அறையில் ஒருவர் ஷீட்டைத் திறக்கிறார். ஒரு வரிசையில் அந்தக் கட்டத்தில் 3 என்று இருக்கிறது. பெயர் பத்தியும் இருக்கிறது. மூன்று பெஞ்ச் தள்ளி உட்காரும் நண்பர். இப்போது இருபது வயது நிரம்பிய இந்த நான்கு பேர் என்ன செய்ய வேண்டும்? பேசாமல் இருந்தால் ஏதாவது நடந்துவிடலாம். ஆசிரியரிடம் சொன்னால் ‘உங்கள் பதில் ரகசியம்’ என்று கொடுத்த வாக்கு உடைகிறது. நேராக அவரிடமே போய்ப் பேசப் பயிற்சி இல்லை. அவர்களில் ஒருவர் தாங்க முடியாமல் இன்னொரு நண்பரிடம் சொல்வார், மறுநாள் ஹாஸ்டல் முழுக்கத் தெரிந்துவிடும்.

பெயர் பத்தியே இல்லை என்றால்? அந்த 3 இருக்கிறது, யாருடையது என்று தெரியாது. யாரோ ஒருவர் உதவி தேவைப்படும் நிலையில் இருக்கிறார் என்று தெரிந்தும் அவரிடம் போய்ச் சேர வழி இல்லை. இரண்டு நிலையிலும் பதில் வந்தபின் யோசிப்பது காலம் கடந்த யோசனை.

ஆகவே குழு முன்கூட்டியே கேட்க வேண்டியது, அப்படி ஒரு பதில் வந்தால் சில மணி நேரத்துக்குள் செயல்படப் பயிற்சி பெற்ற ஆள் ஒருவர் இருக்கிறாரா என்பது. இல்லை என்றால் அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது. தற்கொலை பற்றிக் கேட்டால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடும் என்ற பயத்தால் இதைச் சொல்லவில்லை. கேட்பதால் அப்படி நேர்வதில்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. கேட்டுவிட்டுப் பதிலுக்குச் செவி கொடுக்க ஆள் இல்லாமல் இருப்பதுதான் தவறு.

இதே சங்கடம் பெரிய ஆய்வாளர்களுக்கும் வந்திருக்கிறது. அதற்காகவே ஒன்பதாவது கேள்வி நீக்கிய பி.எச்.கியூ-8 என்ற வடிவம் இருக்கிறது. பதில் சொல்பவருக்கு உடனே உதவ முடியாத கணக்கெடுப்புகளில் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். மொத்தம் 24, எல்லை அதே பத்து. மாடலுக்கு இதனால் நஷ்டம் எதுவும் பெரிதாக இல்லை. நம் குழுவுக்கு இது தெரிந்திருந்தால் முதலிலேயே இதை எடுத்திருப்பார்கள்.

மற்ற எட்டுக் கேள்விகளிலும் ஒருவருக்கு 20 வரலாம், ஆகவே உதவிக்கான வழியைக் காட்டியே ஆக வேண்டும். ஃபார்மின் கடைசிப் பக்கத்தில் கவுன்சலரின் அறை, நேரம், மத்திய அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416 ஆகியவை இருக்க வேண்டும். அந்த எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. இந்தப் பக்கம் எல்லோருக்கும் வர வேண்டும். அதிக மதிப்பெண் வந்தவருக்கு மட்டும் வருமாறு செய்தால் நல்லது என்று ஒரு மாணவருக்குத் தோன்றலாம், நிரலில் அது ஒரு வரிதான். ஆனால் கேன்டீனில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் திரையைப் பார்க்கிறார். அவருக்கு வராத பக்கம் இவருக்கு வந்தால் விஷயம் வெளியே வந்துவிட்டது. அதேபோல், ‘உங்கள் மதிப்பெண் 17’ என்று காட்டுவதும் வேண்டாம். விளக்க ஆள் இல்லாத எண் மனிதரைப் பயமுறுத்தத்தான் செய்யும்.

இப்போது பெயர் நீக்கும் விஷயத்துக்கு வருவோம். பெயரையும் ரெஜிஸ்டர் நம்பரையும் அழித்தால் தரவு அநாமதேயமாகிவிட்டது என்று பலர் நம்புகிறார்கள். 2008-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் ஒரு பல்கலைக்கழகத்தின் ஒரே ஆண்டு மாணவர்கள் ஏறத்தாழ 1,700 பேரின் ஃபேஸ்புக் தகவல்களைத் தொகுத்து வெளியிட்டார்கள். பெயர்கள் இல்லை, பல்கலைக்கழகத்தின் பெயரும் இல்லை. தகவலைத் திரட்டியவர்கள் அதே பல்கலைக்கழகத்தில் படித்த உதவியாளர்கள். வெளியாட்களுக்குத் தெரியாத பக்கங்களும் அவர்களுக்குத் தெரிந்திருக்கக்கூடும். மைக்கேல் சிம்மர் என்ற அறிஞர், தரவைத் திறந்துகூடப் பார்க்காமல், அதனுடன் வந்த விளக்கக் குறிப்பையும் ஆய்வாளர்கள் பொதுவில் பேசியதையும் வைத்தே அது ஹார்வர்ட் என்று கண்டுபிடித்தார். சில மாநிலங்களில் இருந்தும் சில நாடுகளில் இருந்தும் ஒரே ஒரு மாணவர்தான் வந்திருந்தார். கல்லூரி தெரிந்தால் அந்த ஒருவரும் தெரிந்துவிடுவார். கடைசியில் தரவைத் திரும்பப் பெற்றார்கள்.

1,700 பேரிலேயே இப்படி என்றால் 240 பேரில் என்ன? இதைச் சோதிக்க இரண்டு வரி போதும்.

```python
g = df.groupby(["gender", "stay", "district"]).size()
print(g[g < 5])
```

பாலினம், தங்குமிடம், மாவட்டம் மூன்றும் ஒன்றாக இருக்கும் ஆட்களை எண்ணி, ஐந்துக்குக் குறைவான கூட்டங்களை இது காட்டும். கோவைப் பக்கத்துக் கல்லூரி என்றால் ‘பெண், ஹாஸ்டல், ராமநாதபுரம்’ என்ற கூட்டத்தில் ஒருவர் மட்டும் இருக்கலாம். அந்த வரிசையை வகுப்பில் யார் பார்த்தாலும் யார் என்று சொல்லிவிடுவார்கள். பக்கத்துக் கட்டத்தில் அவருடைய மனச்சோர்வு மதிப்பெண் இருக்கிறது. திருத்தம் எளிது. மாவட்டம் வேண்டாம், ‘வீட்டுக்குப் போக இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகுமா’ என்ற ஒரு கேள்வி போதும். தூக்கத்துக்கும் தனிமைக்கும் தொடர்புள்ளது மாவட்டத்தின் பெயர் அல்ல, தூரம். சி.ஜி.பி.ஏ.வும் 8.37 என்று வேண்டாம், ஏழுக்குக் கீழ், ஏழு முதல் எட்டரை, அதற்கு மேல் என்று மூன்று கூறாகக் கேட்கலாம். மாற்றியபின் அந்த இரண்டு வரியைப் புதிய பத்திகளோடு மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். ஐந்துக்குக் குறைவாக எதுவும் மிஞ்சக் கூடாது. ஐந்து என்பது தெய்வ வாக்கு இல்லை. ஒரு கூட்டத்தில் ஐந்து பேர் இருந்து ஐந்து பேருக்கும் மதிப்பெண் அதிகம் என்றால் எல்லோரும் வெளிப்பட்டுவிடுவார்கள். அதையும் கண்ணால் பார்க்க வேண்டும்.

கூகுள் ஃபார்மில் பெயரே கேட்காவிட்டாலும் இரண்டு இடத்தில் அடையாளம் உள்ளே வரும். ஒன்று `Collect email addresses` என்ற அமைப்பு. கல்லூரி மின்னஞ்சல் கணக்குகளில் சில சமயம் அது தானாகவே இயங்கும் நிலையில் இருக்கும். அதை `Do not collect` என்று மாற்ற வேண்டும். மற்றொன்று `Timestamp` பத்தி. ஒவ்வொரு பதிலும் எந்த நொடியில் வந்தது என்று ஷீட் எழுதி வைக்கிறது. ‘இப்பதான்டா முடிச்சேன்’ என்று ஒருவர் குரூப்பில் 9.42-க்குச் சொன்னால் 9.41-இன் வரிசை அவருடையது. பதில்களை இறக்கியதும் அந்தப் பத்தியை நீக்கி, வரிசைகளையும் கலைத்துவிட வேண்டும்.

இங்கே ஒரு முரண்பாடு வரும். யார் எழுதியது என்றே தெரியாவிட்டால், பிறகு மனம் மாறி ‘என் பதிலை எடுத்துவிடுங்கள்’ என்று கேட்பவரின் வரிசையை எப்படிக் கண்டுபிடிப்பது? கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. கொடுத்த அளவுக்கே எளிதாகத் திரும்பப் பெற முடிய வேண்டும் என்கிறது அது. நடைமுறையில் வேலை செய்யும் வழி ஒன்று உண்டு. பங்கேற்பவரே ஒரு ரகசியக் குறியீட்டைத் தேர்ந்தெடுத்து ஃபார்மில் எழுதுகிறார், மூன்று தமிழ்ச் சொற்கள் என்று வைத்துக்கொள்வோம். அது அவருக்கு மட்டுமே தெரியும். விலக நினைத்தால் இன்னொரு பெயரில்லா ஃபார்மில் அந்தக் குறியீட்டை மட்டும் எழுதினால் போதும், வரிசை போய்விடும். யார் விலகினார் என்பதும் தெரியாது.

வரிசை போனாலும் மாடலில் இருந்து போய்விட்டதா என்று கேட்காத பரிசீலனை அரைகுறையானது. பெரும்பாலான மாணவர்களுக்கும் சில ஆசிரியர்களுக்கும் இது புதிய செய்தியாக இருக்கும். பழக்கிய மாடலை `model.pkl` என்ற கோப்பாகச் சேமித்து, கிட்ஹப்பில் ஏற்றுவது வழக்கம். தரவை ஏற்றவில்லை, மாடலைத்தானே ஏற்றினோம் என்று நிம்மதியாக இருப்பார்கள். மாணவர் புராஜெக்டுகளில் அதிகம் பயன்படும் எஸ்.வி.எம். வகை மாடல், எல்லைக்கோட்டைத் தீர்மானித்த ஆட்களின் வரிசைகளைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும்.

```python
import joblib
m = joblib.load("model.pkl")
print(m.support_vectors_[:3])
```

இதை ஓட்டினால் மூன்று மாணவர்களின் தூக்கமும் போன் நேரமும் மதிப்பெண் கூறும் எண்களாகத் திரையில் வந்து நிற்கும். எண்கள் அளவு மாற்றப்பட்டிருந்தாலும், மாற்றிய விவரம் வழக்கமாக அதே கோப்புறையில் கிடக்கும், திருப்பிக் கணக்கிடலாம். அருகிலிருக்கும் ஆட்களைப் பார்த்து முடிவெடுக்கும் கே.என்.என். இன்னும் மோசம், அது தரவு முழுவதையும் சுமந்துகொண்டே இருக்கும். லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் போன்றவை ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் எடையை மட்டும் சேமிக்கின்றன. இவ்வளவு சிறிய தரவுக்கு அதுவே பொருத்தமும்கூட. ஆகவே எந்த மாடல் என்பது வெறும் தொழில்நுட்பத் தேர்வு அல்ல, பரிசீலனைக் குழு கேட்க வேண்டிய விஷயம்.

விலகும் கடைசித் தேதியை இதனோடு சேர்த்து நிர்ணயிக்க வேண்டும். ஃபார்ம் மூடிய பிறகு இரண்டு வாரம் விலகல் கோரிக்கைகளுக்கு. அதன்பிறகே இறுதி மாடலைப் பழக்க வேண்டும். அதற்குமுன் சோதனைக்காகச் செய்த மாடல்கள் எல்லாம் அழிய வேண்டும். கிட்ஹப்பில் தவறுதலாக ஏற்றிய கோப்பை நீக்கினாலும் பழைய பதிப்புகளில் அது அப்படியே இருக்கும் என்பதால், தரவைத் தொட்ட எதுவும் முதலிலிருந்தே அங்கே போகக் கூடாது.

கடைசியாக ஒரு கேள்வி. பரிசீலனை நாளில் அது யாருக்கும் தோன்றாது, செமினார் முடிந்த மறுநாள் வரும். எச்.ஓ.டி. குழுவைக் கூப்பிடுவார். “நல்லா பண்ணியிருக்கீங்கப்பா. நம்ம டிபார்ட்மென்ட்ல யார் யார் இப்படி இருக்காங்கன்னு ஒரு லிஸ்ட் குடுங்க, கூப்பிட்டுப் பேசலாம்.” அக்கறையோடுதான் கேட்கிறார். வைவா நடத்தப்போகும் ஆளிடம் இல்லை என்று சொல்ல மாணவர்களால் முடியாது. நாளை அதே லிஸ்ட் ஹாஸ்டல் வார்டனிடமோ பிளேஸ்மென்ட் பிரிவிடமோ போகலாம்.

2023 சட்டம் ஆராய்ச்சிக்கு ஒரு விலக்கு தருகிறது. அதற்கு ஒரு நிபந்தனை, அந்தத் தரவைக் கொண்டு குறிப்பிட்ட ஒரு நபரைப் பற்றி எந்த முடிவும் எடுக்கக் கூடாது. எச்.ஓ.டி. அந்த லிஸ்ட்டைப் பார்த்து ஒரு மாணவரைக் கூப்பிடும் நொடியில் இது ஆராய்ச்சி என்ற தகுதியை இழக்கிறது. ஏழில் ஆறு பேரை மாடல் தவறவிட்டிருக்கலாம், நலமாக இருக்கும் ஒருவரைச் சுட்டியிருக்கலாம். அந்தத் தவறின் விலையைக் கொடுப்பது லிஸ்ட்டில் பெயர் வந்தவர்.

இதை மாணவர்கள் தலையில் போடக் கூடாது. விண்ணப்பத்திலேயே, தனிநபர் விவரம் எதுவும் துறைக்கோ ஹாஸ்டலுக்கோ பிளேஸ்மென்ட் பிரிவுக்கோ தரப்படாது என்ற வரி இருக்க வேண்டும். அதன் கீழே எச்.ஓ.டி. முன்கூட்டியே கையெழுத்திட வேண்டும். அதே பக்கத்தில் மூல ஷீட்டை அழிக்கும் தேதி, அழிப்பவர், அழிந்ததைச் சரிபார்ப்பவர் மூன்றும் இருக்க வேண்டும். சரிபார்ப்பவர் குழுவுக்கு வெளியே உள்ளவராக இருக்க வேண்டும். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டியில் நீக்கிய கோப்பு 30 நாள் தங்கும் என்பதால், அவர் அதையும் காலி செய்யச் சொல்லிவிட்டு, நான்கு பேரின் லேப்டாப்பிலும் டவுன்லோட்ஸ் கோப்புறையைத் திறந்து பார்க்க வேண்டும். கூடுதல் பிரதிகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.